மூணாம் நம்பர் சொல்லிக் கிழித்த கடிதங்கள்

வங்கியில் அவளுக்குப் பெயர் இருந்தது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. இருபத்தாறு வருஷமாக மூன்றாவது கவுண்டரில் உட்கார்ந்து, கடைசியில் அவளே மூணாம் நம்பர் ஆகிவிட்டாள். கூட வேலை செய்கிறவர்களுக்கு மூணாம் நம்பர் அக்கா. வரிசையில் நிற்கிறவர்களுக்கு, "மூணுல போங்க, அவங்க நல்லா பேசுவாங்க." சும்மா சொல்லக் கூடாது, நன்றாகத்தான் பேசுவாள். வழவழா கொழகொழா கிடையாது. வயதானவர்கள் எதிரே வந்து நின்றால், மேலிடத்திலிருந்து வரும் நாலு பக்கச் சுற்றறிக்கையை நாலே வார்த்தையில் சுருக்கிச் சொல்லி அனுப்பிவிடுவாள். அந்தத் திறமைதான் அவளுக்குப் பெருமை. வினை வந்து சேர்ந்ததும் அதே வழியாகத்தான்.

அவளிடம் மட்டுமே வருகிற வாடிக்கையாளர்களில் ஒருவர் லிப்ட்காரர். எழுபத்தாறு வயது. பக்கத்துத் தெருவில் பெரிய அலுவலகக் கட்டடம் ஒன்று இருக்கிறதே, அங்கே முப்பத்தெட்டு வருஷம் லிப்ட் ஓட்டினவர். ஓய்வு பெற்று இத்தனை வருஷம் ஆகியும் வங்கிக்கு வரும்போது சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டுதான் வருவார். லிப்டுக்குள் ஆறு பேருக்கு மேல் ஏறக் கூடாது என்று பலகை இருந்தால், ஏழாவதாக நிற்பவர் அந்தக் கட்டடத்துக்கே முதலாளியாக இருந்தாலும் சரி, "அடுத்த தடவை வாங்க சார்" என்று கதவைச் சாத்துகிற மனிதர். ஒருமுறை முதலாளியையே அப்படி நிறுத்தியிருக்கிறார். முதலாளி சிரித்துவிட்டுப் படியேறிப் போனாராம். அந்தக் கதையை மூணாம் நம்பரிடம் அவர் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். அவளும் பத்துத் தடவையும் புதிதாகக் கேட்பதுபோலச் சிரித்திருப்பாள்.

அவர் மனைவியும் அந்தக் கட்டடத்தில்தான் வேலை பார்த்தாள், ஐந்தாவது மாடியில் தட்டச்சுக்காரியாக. "எந்த மாடி?" என்று இவர் கேட்க, "அஞ்சு" என்று அவள் சொல்ல, அப்படியே மூன்று வருஷம் ஓடி, நான்காவது வருஷம் கல்யாணம். இப்போது அந்த அம்மாளுக்கு நினைவு தப்பிவிட்டது. வீட்டில் வைத்துப் பார்க்க முடியாமல், வங்கியிலிருந்து மூன்று தெரு தள்ளி இருக்கும் ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்திருந்தார். தரைத்தளத்தில், சாலையைப் பார்த்த ஜன்னலோரக் கட்டில். அந்தக் கட்டிலுக்காக ஏழு மாதம் காத்திருந்தவர் அவர். இல்லத்தில் பார்வை நேரம் வாரத்துக்கு இரண்டு நாள்தான். மற்ற நாட்களில் சாயங்காலம் நாலு மணிக்கு நடைபாதையில் நின்று ஜன்னல் கம்பியில் இரண்டு தட்டு தட்டி, "எந்த மாடி?" என்பார். அந்த அம்மாளுக்குப் புருஷன் முகம் தெரியாது. பெயர் தெரியாது. ஆனால் அந்தக் கேள்விக்கு மட்டும் சட்டென்று திரும்பி, "அஞ்சு" என்பாள். அதைக் கேட்டுவிட்டு அவர் வீட்டுக்குப் போவார். ஒரு நாளும் தவறியதில்லை.

இல்லத்துக்கான மாதக் கட்டணம் அவர் கணக்கிலிருந்து மாதாமாதம் தானாகவே போகும்படி ஏற்பாடு செய்து கொடுத்தவள் மூணாம் நம்பர்தான்.

அந்த வினை வருவதற்கு முந்தைய வருஷம் ஊரெல்லாம் போன் மோசடி. வங்கியிலிருந்து பேசுகிறேன் என்று சொல்லி வயதானவர்களை ஏய்க்கிற கூட்டம் கிளம்பியிருந்தது. வாடிக்கையாளர்களை எச்சரிக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. அதில் தெளிவாகத்தான் எழுதியிருந்தது: ரகசிய எண்ணை யாரிடமும் சொல்லக் கூடாது, போனில் விவரம் கேட்டால் தரக் கூடாது, வங்கி அனுப்பும் கடிதத்தில் சந்தேகம் வந்தால் கிளைக்கு எடுத்துவந்து காட்ட வேண்டும். அன்றைக்கு வரிசை வாசல் வரை நின்றது. லிப்ட்காரர் முறை வந்ததும் மூணாம் நம்பர் தன் வழக்கப்படி சுருக்கினாள்.

"ஐயா, நல்லா கேட்டுக்கங்க. பேங்க்ல இருந்து யாரும் உங்களுக்குப் போன் பண்ண மாட்டோம். எதையும் கேட்க மாட்டோம். பேங்க்னு சொல்லிக்கிட்டு போன் வந்தா கட் பண்ணுங்க. லெட்டர் வந்தா கிழிச்சுப் போடுங்க. அவ்வளவுதான்."

"போன் வந்தா கட். லெட்டர் வந்தா கிழி," என்றார் லிப்ட்காரர்.

"அதேதான்! நீங்கதான் ஐயா கெட்டிக்காரர்."

கிளைக்கு எடுத்துவந்து காட்ட வேண்டும் என்ற அந்த ஒரு வரி வரிசையின் நீளத்தில் காணாமல் போயிற்று. அவர் இனி வரிசையில் நின்று கால் கடுக்க வேண்டாம் என்று அன்றைக்கே அவருக்கு வாசல் மெஷினில் பணம் எடுக்கவும் சொல்லிக் கொடுத்தாள். நல்ல மனசோடு செய்ததுதான், இல்லையென்று யார் சொன்னது?

அதற்குப் பிறகு அடையாளச் சரிபார்ப்புச் சுற்றறிக்கை வந்தது. பல வருஷத்துக்கு முன்னால் கணக்குத் தொடங்கினவர்கள் தாங்கள் இன்னார், இன்ன முகவரியில் இருக்கிறோம் என்று புதிதாக ஆவணம் கொடுத்து நிரூபிக்க வேண்டும். கடைசித் தேதிக்கு முன்னால் மூன்று கடிதம் போகும், ஒரு போனும் போகும். அதற்கும் வராவிட்டால் கணக்கு முடக்கப்படும். யார் யாருக்குச் சரிபார்ப்பு பாக்கி என்ற பட்டியல் மூணாம் நம்பர் மேசைக்குத்தான் வந்தது. லிப்ட்காரர் பெயரும் அதில் இருந்தது. கடிதங்கள் போய்ச் சேர்ந்துவிட்டதாகக் கணினி காட்டியது. 'தகவல் தெரிவிக்கப்பட்டது' என்ற கட்டத்தில் அவள் வரிசையாக டிக் அடித்துக்கொண்டே போனாள். அவர் பெயர் வந்தபோது, 'இவருக்கென்ன, விதி என்று ஒன்று வந்தால் முதல் ஆளாக வந்து நிற்பாரே' என்று நினைத்து அங்கேயும் ஒரு டிக்.

அந்த மாதங்களில் அவர் மெஷினில் பணம் எடுத்துவிட்டு, கண்ணாடிக்கு வெளியே நின்று அவளைப் பார்த்துக் கையாட்டுவார். அவளும் கையாட்டுவாள். பட்டியல் அவள் முழங்கைக்குக் கீழேதான் கிடந்தது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை உள்ளே வாங்க என்று சைகை காட்டியிருந்தால் போதும். காட்டவில்லை. பின்னால் அந்தக் கையாட்டலை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு உடம்பு கூசியது.

ஒரு திங்கட்கிழமை காலை, கதவு திறந்ததும் முதல் ஆளாக லிப்ட்காரர் வந்து நின்றார். கையில் இல்லத்திலிருந்து கொடுத்த துண்டுச் சீட்டு.

"மெஷின் காசு தர மாட்டேங்குதும்மா. இல்லத்துலயும் இந்த மாசப் பணம் வரலைங்கறாங்க. புதன்கிழமை சாயங்காலத்துக்குள்ள வந்து சேரலைன்னா ஜன்னல் கட்டிலைக் காத்துக்கிட்டு இருக்கற அடுத்த ஆளுக்குக் குடுத்துடுவாங்களாம். அவளை ரெண்டாவது மாடிக்கு மாத்திருவாங்களாம். அங்க பின்பக்கம் ஜன்னல், ரோடு தெரியாது."

மூணாம் நம்பர் கணக்கைத் திறந்தாள். திரையில் சிவப்பு எழுத்து. சரிபார்ப்பு நிலுவை, பற்று நிறுத்தம்.

"ஐயா, பேங்க்ல இருந்து உங்களுக்கு லெட்டர் வரலையா? மூணு அனுப்பியிருக்கே?"

"வந்துச்சே!" அவர் முகம் மலர்ந்துவிட்டது. "மூணும் வந்துச்சு. நீங்க சொன்னபடியே மூணையும் கிழிச்சுப் போட்டுட்டேன். போன வாரம் ஒரு பொண்ணு போன் பண்ணுச்சு, பேங்க்ல இருந்து பேசறேன், அடையாள அட்டையை எடுத்துக்கிட்டு வாங்கன்னு. என்கிட்டயா உன் வேலையைக் காட்டறேன்னு கேட்டுட்டுக் கட் பண்ணிட்டேன். நம்மள ஏமாத்த முடியுமா?"

அந்த மனிதர் பாராட்டை எதிர்பார்த்து நிற்கிறார்! 'கெட்டிக்காரர் ஐயா நீங்க' என்று மறுபடி ஒருமுறை சொல்வாள் என்று நிற்கிறார்.

இந்தச் சத்தத்தில் மேனேஜர் அறையிலிருந்து வெளியே வந்தார். முப்பத்தைந்து வயது, மாற்றலாகி வந்து ஆறு மாதம். கெட்டவர் இல்லை, அவசரக்காரர். திரையை எட்டிப் பார்த்தார்.

"என்ன பெரியவரே, மூணு லெட்டர் அனுப்பியிருக்கோம். போன் வேற பண்ணியிருக்கோம். படிச்சுக்கூடப் பார்க்காம கிழிச்சுப் போட்டா நாங்க என்ன பண்றது? அப்புறம் கணக்கை முடக்கிட்டாங்கன்னு எங்க மேல பழி. இவ்வளவு வயசாகியும் ஒரு பொறுப்பு வேணாமா?"

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். லிப்ட்காரர் மேனேஜரைப் பார்த்தார். பிறகு மூணாம் நம்பரைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

'நான்தான் சார் கிழிக்கச் சொன்னேன்.' நாலே வார்த்தை. எதையும் நாலு வார்த்தையில் சொல்லுகிற நாக்குத்தான் அது. அன்றைக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு அசைய மறுத்தது. ஆபீசர் பதவி உயர்வுப் பட்டியல் அடுத்த மாதம் வர இருந்தது. மூன்று தடவை தட்டிப்போய்விட்டது. வயது வரம்புப்படி இதுதான் கடைசித் தடவை. பல வருஷத்துக்கு முன்னால் ஒருவருடைய கணக்கு விவரத்தை இன்னொருவருக்குக் கொடுத்து ஒரு மெமோ வாங்கியிருந்தாள். இன்னொன்று சேர்ந்தால் அவ்வளவுதான். இதெல்லாம் அவள் மனதில் ஓடி முடிவதற்குள் மேனேஜர் அறைக்குள் போய்விட்டார். அவள் இடிச்ச புளி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"தப்புதான் சார். நான்தான் கவனிக்கல," என்று லிப்ட்காரர் மூடிய கதவைப் பார்த்துச் சொன்னார்.

அவளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கூனிக் குறுகிப் போனாள் மூணாம் நம்பர். கவுண்டரில் 'மூடியிருக்கிறது' பலகையை வைத்துவிட்டு அவரைப் பெஞ்சுக்குக் கூட்டிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சுற்றறிக்கையை மடியில் விரித்து வைத்து, இந்தத் தடவை ஒரு வரி விடாமல் விளக்கினாள்.

"ஐயா, உங்க பணத்துக்கு ஒண்ணும் ஆகல. பென்ஷன் எப்பவும் போல உள்ள வந்து சேரும். வெளிய போறதைத்தான் நிறுத்தி வச்சிருக்காங்க. மெஷின், இல்லத்துக்குப் போற பணம், எல்லாம்."

அவர் யோசித்தார். "ஆள் ஏறலாம், இறங்க முடியாது. கதவு திறக்காது."

"ஆமாங்கய்யா. சரிபார்ப்பு முடிஞ்சா கதவு திறந்துடும். அதுக்கு நாலு வேணும். ஒண்ணு, போட்டோ போட்ட அடையாள அட்டை, தேதி முடியாம இருக்கணும், அசலையே எடுத்துட்டு வாங்க. நகல் நாங்க எடுத்துக்கிட்டு அசலை உடனே திருப்பித் தந்துடுவோம். ரெண்டு, இப்ப இருக்கற வீட்டு முகவரி போட்ட கரண்ட் பில்லோ தண்ணி பில்லோ. மூணு மாசத்துக்கு மேல பழசு ஆகாது. மூணு, புது போட்டோ. நாலு, இந்தப் படிவம், கையெழுத்தோட."

"பில்லு எல்லாம் அவ பேர்ல இருக்கு. வீடே அவ பேர்லதான்." அவர் குரல் இறங்கிவிட்டது. "அவளால கையெழுத்துப் போட முடியாதேம்மா."

"அவங்க கையெழுத்து வேண்டாம். மனைவி பேர்ல பில் இருந்தா, கூடவே கல்யாணச் சான்றிதழ் காட்டினா போதும். இங்கயே போட்டிருக்கு பாருங்க, மூணாவது பக்கம்."

"என் சம்சாரம்னு நிரூபிக்கணும்."

"ஆமாங்கய்யா."

"அவளே மறந்துட்டா. பேங்குக்கு நிரூபிக்கணும்," என்று சொல்லிச் சிரித்தார். அவளால் சிரிக்க முடியவில்லை. இல்லத்துக்கான பணத்தைத் தான் கட்டிவிடட்டுமா, பிறகு திருப்பித் தரலாமே என்று கேட்டாள். ஊழியர் வாடிக்கையாளருக்குக் கடன் கொடுக்கக் கூடாது என்று விதி இருப்பது தெரிந்துதான் கேட்டாள்.

"உங்க காசு எதுக்கும்மா? என் காசு உள்ளதானே இருக்கு," என்றார் அவர்.

மறுநாள் காலையில் ஒரு நீல அட்டைக் கோப்போடு வந்தார். மேலே அவர் மனைவி நினைவு நன்றாக இருந்த காலத்தில் தட்டச்சு செய்து ஒட்டிய தாள்: 'தொலைக்கக் கூடாதவை.' உள்ளே ஒவ்வொன்றும் தனித்தனி உறையில், தேதி வாரியாக இருந்தது. கல்யாணச் சான்றிதழ் முதல் உறையில். "மூணு மணி நேரம் பெட்டி பெட்டியா தேடினேம்மா. கடைசில பார்த்தா என் தலைமாட்டு அலமாரியிலயே இருக்கு. எனக்குன்னு எழுதி வச்சிருக்கா," என்றார். போட்டோதான் கூத்தாகிவிட்டது. லிப்ட் சீருடையில், தலை நிறைய கறுப்பு முடியோடு சிரிக்கிற ஒரு போட்டோவைக் கொண்டுவந்து நீட்டினார்.

"ஐயா, இது எந்த வருஷத்துப் போட்டோ?"

"போன மாசம்தான் பிரிண்ட் போட்டேன்!"

எதிர்க் கடைக்குக் கூட்டிப் போய்ப் புதுப் போட்டோ எடுத்து வந்தாள். படிவத்தை அவளே கூட இருந்து நிரப்பினாள். அசலைப் பார்த்து நகலில் 'அசல் சரிபார்க்கப்பட்டது' என்று முத்திரை வைத்து, எல்லாவற்றையும் ஸ்கேன் செய்தாள். இனி மேலிடத்தில் ஒருவர் பார்த்து ஒப்புதல் கொடுக்க வேண்டும். அதற்கு இரண்டு வேலை நாள் பிடிக்கும். இன்று செவ்வாய். அப்படியானால் வியாழன். இல்லம் கொடுத்த கெடு புதன்.

மேனேஜர் அறைக்குப் போனாள்.

"சார், இதை இன்னைக்கே விடுவிக்க வழி இருக்கா?"

"ஒரே வழிதான் மேடம். காரணம்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க. அதுல 'வாடிக்கையாளர் தாமதம்'னு போட்டா சாதாரண வரிசை. 'கிளைத் தவறு'ன்னு போட்டா அவசர வரிசை, ரெண்டு மணி நேரத்துல திறந்துடுவாங்க. ஆனா எந்த ஊழியர், என்ன தவறுன்னு எழுதணும். நம்ம பக்கம்தான் ஒரு தப்பும் இல்லையே. இருக்கா?"

கேட்டுவிட்டார். நேருக்கு நேராகக் கேட்டுவிட்டார். வாய்ப்பு என்றால் இதைவிடப் பெரிய வாய்ப்பு யாருக்கு வரும்? கதவைத் திறந்து வைத்து, உள்ளே வா என்று கையைப் பிடித்து இழுப்பதுபோல வந்து நின்றது. கண்ணாடி வழியாகப் பார்த்தாள். பெஞ்சில் நீலக் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு லிப்ட்காரர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"இல்லை சார்," என்றாள். "சாதாரணமாவே போகட்டும்."

சண்டாளி! வேறென்ன சொல்வது அவளை? தன் இடத்துக்கு வந்து 'வாடிக்கையாளர் தாமதம்' என்ற வரியைத் தேர்ந்தெடுத்து பட்டனை அழுத்தினாள். சில சமயம் ஒரே நாளில்கூட ஒப்புதல் வந்துவிடுவதுண்டு, இதுவும் வந்துவிடும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். இல்லத்துக்குப் போன் செய்து ஒருநாள் அவகாசம் கேட்டாள். போனை எடுத்த பெண் தன்மையாகத்தான் பேசினாள். "எங்களுக்கும் கஷ்டமாத்தான் இருக்கு மேடம். ஆனா காத்திருக்கறவங்க ஏற்கெனவே வண்டி சொல்லி வச்சுட்டாங்க. பேங்க் பக்கம் தவறுன்னு பேங்க்ல இருந்து ஒரு லெட்டர் குடுத்தா எங்க நிர்வாகியைக் கேட்டுப் பார்க்கலாம்."

அங்கேயும் அதே லெட்டர். போனை வைத்துவிட்டாள்.

புதன்கிழமை பூராவும் முள்மேல் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு வாடிக்கையாளர் போனதும் லிப்ட்காரர் கணக்கைத் திறந்து திறந்து பார்த்தாள். சிவப்பு எழுத்து அப்படியே இருந்தது. ஒருவருக்குப் பணத்தைக் கூடுதலாகக் கொடுத்துவிட்டு, அவர் திருப்பித் தந்தபோது எதற்கு என்று முழித்தாள். வீட்டில், "என்ன ஆச்சு உனக்கு?" என்று கணவர் கேட்டார். "தலைவலி," என்றாள். பொய் சொல்லிப் பழக்கம் வந்துவிட்டால் பிறகு அது சரளமாக வருகிறது.

வியாழன் காலை பத்தேகாலுக்குக் கணக்குத் திறந்தது. அவள் உடனே லிப்ட்காரருக்குப் போன் செய்தாள்.

"ஐயா, பேங்க்ல இருந்து பேசறேன்."

டக்கென்று கட்டாயிற்று. மறுபடி செய்தாள். "ஐயா, நான்தான்" என்பதற்குள் மறுபடி கட். மூன்றாவது தடவை எடுக்கவே இல்லை. போன் வந்தால் கட். சொன்னது சொன்னபடி.

சாயங்காலம் நாலு மணிக்கு அனுமதி கேட்டுக்கொண்டு இல்லத்துக்கு நடந்தாள். தூரத்திலேயே தெரிந்தார். கழுத்து வரை பொத்தான் போட்டுக்கொண்டு, அதே ஜன்னலுக்கு வெளியே, அதே நடைபாதையில் நின்றிருந்தார். தட்டவில்லை. சும்மா நின்றிருந்தார். உள்ளே அந்தக் கட்டிலில் வேறொரு வயதான மனிதர் செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். புதிதாக வந்தவர் மேல் என்ன தப்பு? அவரும் மாதக்கணக்கில் காத்திருந்து வந்தவர்தான்.

"கணக்குத் திறந்துடுச்சுங்கய்யா," என்றாள்.

"மெஷின்ல பார்த்தேம்மா. இல்லத்துக்கும் போய்ச் சேர்ந்துடுச்சாம். நேத்து சாயங்காலமே அவளை மேல கூட்டிட்டுப் போயிட்டாங்க." விரலால் கட்டடத்தின் பின்பக்கத்தைக் காட்டினார். "ஞாயித்துக்கிழமைதான் உள்ள விடுவாங்க. மத்த நாளெல்லாம் நாலு மணி ஆனா கால் தானா இங்க வந்துடுது."

"திரும்ப இந்தக் கட்டில் கிடைக்குமாங்கய்யா?"

"பேர் எழுதி வச்சிருக்கேன். பதினோராவது ஆள். அதுவரைக்கும் அந்தக் கேள்வி அவளுக்கு ஞாபகம் இருக்கணுமே."

அவளால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. நடைபாதையில், போகிறவர் வருகிறவர் பார்க்கிறார்கள் என்றும் பார்க்காமல், உடைந்து அழுதாள்.

"ஐயா, எல்லாம் என்னாலதான். லெட்டரைக் கிழிக்கச் சொன்னது நான். சுற்றறிக்கையில அப்படி இல்லை, நான்தான் சுருக்கிச் சொன்னேன். மேனேஜர் முன்னாடி நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, என் தப்புன்னு எழுதியிருந்தா, செவ்வாய்க்கிழமையே திறந்திருக்கும். சொல்லலை. பயந்துட்டேன். ப்ரமோஷன் போயிடும்னு பயந்துட்டேன்."

லிப்ட்காரர் ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"செவ்வாய்க்கிழமை விஷயம் எனக்குத் தெரியாது," என்றார் கடைசியில். "திங்கட்கிழமை தெரியும். மேனேஜர் சத்தம் போட்டப்ப உங்களைத்தாம்மா பார்த்துக்கிட்டு நின்னேன். இப்ப சொல்லுவாங்க, இப்ப சொல்லுவாங்கன்னு."

அவள் கையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"நானே சொல்லியிருக்கலாம்தான். சொன்னா உங்க வேலைக்கு ஆபத்து வருமோ என்னமோன்னு விட்டுட்டேன். கட்டில் போகும்னு நினைக்கல." கைக்குட்டையை எடுத்து அவளிடம் நீட்டினார். அதிலும் மடிப்புக் கலையவில்லை. "அழாதீங்க. முகத்தைத் துடைங்க."

"நாளைக்குக் காலையில மேனேஜர்கிட்டப் போய் எழுதிக் குடுத்துடறேன். நடந்ததை நடந்தபடி. பேங்க் பக்கம்தான் தவறுன்னு இல்லத்துக்கும் லெட்டர் வாங்கித் தர்றேன். அதை வச்சு உங்க பேரை முன்னாடி கொண்டுவர முடியுமான்னு நானே வந்து நிர்வாகியைக் கேட்கறேன்."

"செய்ங்க," என்றார். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. சொல்லுவார் என்று மனதின் ஒரு மூலையில் அவள் எதிர்பார்த்தது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது, வெட்கமாக இருந்தது.

பிறகு அவர் கேட்டார்: "அது சரி, இனிமே லெட்டர் வந்தா நான் என்ன செய்யணும்?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். இந்தத் தடவை சுருக்கவில்லை. ரகசிய எண்ணை யார் கேட்டாலும், வங்கி ஆளே கேட்டாலும் சொல்லக் கூடாது. போனில் எந்த விவரமும் தர வேண்டாம். நேரில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிடலாம். கடிதம் எது வந்தாலும் கிழிக்கக் கூடாது, அப்படியே கிளைக்குக் கொண்டுவந்து காட்ட வேண்டும். கவுண்டரில் அவள் இல்லாவிட்டாலும் யாரிடமாவது காட்ட வேண்டும். ஆவணம் கொடுத்தால் பெற்றுக்கொண்டதற்கு ரசீது கேட்டு வாங்க வேண்டும். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிப் பார்த்தார்.

பிறகு சட்டைப் பையிலிருந்து இல்லத்தின் துண்டுச் சீட்டை எடுத்து, வெற்றாக இருந்த பின்பக்கத்தைத் திருப்பி, பேனாவோடு அவளிடம் நீட்டினார்.

"இதுல எழுதிக் குடுத்துடுங்கம்மா."

எழுதினாள். ஜன்னல் விளிம்பில் தாளை வைத்து, ஒரு வரி விடாமல் எழுதி அவரிடம் கொடுத்தாள். அவர் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ் வரை படித்தார். படித்துவிட்டுத் தாளை அவளிடமே திருப்பி நீட்டினார்.

"கீழ உங்க பேரு, ஊழியர் நம்பரு, தேதி எழுதி, கையெழுத்துப் போடுங்க," என்றார். கோபமே இல்லாத குரல்தான். "அடையாள அட்டையும் கொஞ்சம் காட்டுங்க. நம்பரு சரிதானான்னு பார்த்துக்கறேன்."

அவள் கழுத்தில் மாட்டியிருந்த அட்டையைக் கழற்றிக் கொடுத்தாள். அவர் அதைத் தாளுக்குப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துப் பார்த்தார்.